மைக்ரோகண்ட்ரோலர் ஆய்வகம் கேட்டுக் கல்லூரி முதல்வருக்குக் கடிதம்: 12 மேசைகளுக்கான கணக்கு

கடலூரில் உள்ள ஒரு கல்லூரியின் மின்னணுவியல் துறையில் நான் பணியாற்றுகிறேன். மைக்ரோகண்ட்ரோலர் ஆய்வகம் வேண்டும் என்று நான் முதன்முதலில் எழுதிய கடிதத்தில் "25 போர்டுகள், தேவையான உதிரிகள், மொத்தம் ரூ.1,50,000" என்று மட்டுமே குறிப்பிட்டிருந்தேன். பத்து நாள் கழித்து அந்தக் கடிதம் ஓரத்தில் "விவரம் தேவை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. முதல்வரைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. 25 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டிருந்தால் என்னிடமும் விடை இருந்திருக்காது. இரண்டாம் முறை மேசைகளை எண்ணுவதிலிருந்து தொடங்கி எழுதினேன். கேட்ட தொகை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. கடிதமும் திரும்பி வரவில்லை. புதிதாகப் பணியில் சேர்ந்து, இப்படியொரு கடிதத்தை எழுதும் பொறுப்பு வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக அந்த இரண்டாம் முறையை இங்கே எழுதுகிறேன். இதில் வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்கான மாதிரி விலைகள். உங்கள் கடிதத்தில் நீங்கள் வாங்கிய விலைப்புள்ளிகளின் எண்களைத்தான் போட வேண்டும்.

எழுதுவதற்கு முன் எண்ண வேண்டியவை

முதலில் பாடத்திட்டத்தின் செய்முறைத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டில் 12 பயிற்சிகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் ஐந்து 8051 அசெம்பிளி மொழிப் பயிற்சிகள். துறையில் ஏற்கெனவே உள்ள பயிற்சிக் கருவிகளிலேயே அவற்றைச் செய்யலாம். மீதமுள்ள ஏழும் வெளிச் சாதனங்களை இணைக்கும் பயிற்சிகள்: எல்இடியும் சுவிட்சும், எல்சிடி திரை, பொட்டன்ஷியோமீட்டர் கொண்டு அனலாக் அளவீடு, வெப்பநிலை உணரி, அல்ட்ராசோனிக் தூர உணரி, சர்வோ மோட்டார், கணினியுடன் தொடர் தகவல் பரிமாற்றம். இந்த ஏழுக்கும் எந்தக் கண்ட்ரோலரைப் பயன்படுத்த வேண்டும் என்று பாடத்திட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றால்தான் ஆர்டுயினோ உனோ வகைப் போர்டைக் கேட்க முடியும். 8051 என்றே பெயர் சொல்லியிருந்தால், 8051 குடும்பப் போர்டுகளைத்தான் கேட்க வேண்டும். பாடத்திட்டத்தில் இல்லாத போர்டை நவீனமானது என்ற ஒரே காரணத்துக்காகக் கேட்டால், கொள்முதல் குழுவில் முதல் கேள்வியிலேயே கடிதம் நின்றுவிடும்.

அடுத்தது மாணவர் கணக்கு. இரண்டாம் ஆண்டில் 48 பேர், 24 பேராக இரண்டு அணிகள், செய்முறை வகுப்பு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். துறையில் உள்ள பழைய பயிற்சிக் கருவிகள் ஆறு. அவற்றில் நான்கு மட்டுமே வேலை செய்கின்றன. அப்படியானால் ஒரு கருவியைச் சுற்றி ஆறு பேர் நிற்கிறார்கள். 180 நிமிட வகுப்பில் ஒரு மாணவரின் கை கருவியில் படும் நேரம் சராசரியாக 30 நிமிடம். மேசைக்கு இருவர் என்று 12 மேசைகள் அமைந்தால் அதுவே 90 நிமிடமாகும். கடிதத்தில் முதல்வர் நினைவில் வைத்துக்கொள்ளும் எண்கள் இந்த 30-உம் 90-உம்தான். ஆகவே, வேலை செய்யும் கருவிகள் எத்தனை என்பதை இருப்புப் பதிவேட்டைப் பார்த்து எழுதாதீர்கள். ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்து எழுதுங்கள். முதல்வர் ஆய்வகத்துக்கு வந்து பார்த்தால், நீங்கள் எழுதியதும் அங்கே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரு மேசையில் ஒருவர் என்று 24 போர்டுகள் கேட்கக் கூடாதா என்று பலர் நினைப்பதுண்டு. ஒருவர் வயரிங்கைச் சரிபார்க்க, மற்றவர் நிரலை எழுதும் முறையில், தவறுகள் மின்சாரம் கொடுக்கும் முன்பே பிடிபடுவதை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். மூவர் ஆனால் மூன்றாமவர் வேடிக்கை பார்க்கத் தொடங்குகிறார். ஆகவே இருவர் என்பதைச் செலவுக்குப் பயந்து செய்த சமரசமாக நான் கருதவில்லை. அதைக் கடிதத்திலும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

மூன்றாவதாக எண்ண வேண்டியவை கணினிகள். பெரும்பாலான கடிதங்கள் சறுக்கும் இடம் இதுதான். போர்டுகள் வந்த பிறகு, கணினி ஆய்வகத்தில் யுஎஸ்பி துளைகள் நிர்வாகியால் முடக்கப்பட்டிருப்பதும், டிரைவர் நிறுவக் கடவுச்சொல் வேண்டியிருப்பதும் தெரியவந்தால், அரைப் பருவம் அதிலேயே போய்விடும். கடிதம் எழுதும் முன்பே ஒரே ஒரு போர்டைச் சொந்தச் செலவிலோ கடனாகவோ பெற்று, நீங்கள் பயன்படுத்தப்போகும் 12 கணினிகளிலும் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். மலிவான போர்டுகளில் பெரும்பாலும் சிஎச் 340 என்ற யுஎஸ்பி சில்லு இருக்கும். பழைய விண்டோஸ் கணினிகளில் அதற்கான டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். ஆர்டுயினோ மென்பொருளின் இரண்டாம் பதிப்பு விண்டோஸ் 10, அதிலும் 64 பிட் இருந்தால்தான் ஓடும். அதைவிடப் பழைய கணினிகளுக்கு 1.8.19 பதிப்பு போதும். மென்பொருளில் உள்ள `Blink` என்ற மாதிரி நிரலை ஏற்றிப் பாருங்கள். திரையில் கீழ்க்கண்ட வரி வந்தால், பெரும்பாலும் மென்பொருளில் கணினியின் தவறான காம் போர்ட் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது அந்தப் போர்டு பதிலளிக்கவில்லை என்று பொருள்.

```
avrdude: stk500_getsync() attempt 1 of 10: not in sync: resp=0x00
```

போர்ட்டே பட்டியலில் தெரியவில்லை என்றால் டிரைவரையும் கேபிளையும் பார்க்க வேண்டும். மின்னூட்டத்துக்கு மட்டும் பயன்படும் கேபிள்களில் தகவல் செல்லும் கம்பிகள் இருக்காது. போர்டின் விளக்கு எரியும், ஆனால் கணினிக்கு அது தெரியாது. 12 கணினிகளில் எத்தனையில் நிரல் ஏறியது என்பதைக் கடிதத்தில் எழுதினால், "இதற்குப் புதிய கணினிகளும் கேட்பீர்களா?" என்ற கேள்வி எழுவதற்கு முன்பே பதில் கிடைத்துவிடுகிறது.

பட்டியலின் ஒவ்வொரு வரியும் எதற்காக

இப்போது ஏழு பயிற்சிகளையும் எதிரே வைத்துக்கொண்டு பொருள்களை எழுதுங்கள். ஏதாவது ஒரு பயிற்சியைச் சுட்ட முடியாத உணரியை நீக்கிவிடுங்கள். கடைகளில் "37 உணரிகள் கொண்ட பெட்டி" என்று கிடைப்பது மலிவாகத் தோன்றினாலும், அதில் பாதி பெட்டியைவிட்டு வெளியே வராது. ஆண்டு இருப்பு சரிபார்ப்பில் மட்டும் 37 வரிகளாக வந்து நிற்கும். 230 வோல்ட் இணைப்பைத் தொடும் ரிலே பயிற்சிகளை ஆய்வகம் தொடங்கும் முதல் ஆண்டில் நான் சேர்ப்பதில்லை. பிரெட்போர்டின் அருகில் வீட்டு மின்சாரம் வரும் நிலைக்கு இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இன்னும் தயாராகவில்லை என்பது என் கருத்து.

போர்டைப் பொறுத்தவரை ஒரு விவரத்தை மறக்கக் கூடாது. ஏடிமெகா 328பி சில்லு இரண்டு வடிவங்களில் வருகிறது. ஒன்று சாக்கெட்டில் செருகப்பட்ட 28 கால் நீளச் சில்லு. மற்றொன்று போர்டின் மேல் நேரடியாகப் பற்றவைக்கப்பட்ட சிறிய சதுரச் சில்லு. இரண்டாவது விலை குறைவு என்பதால் விற்பனையாளர் அதைத்தான் அனுப்புவார். ஆனால் மாணவர் ஆய்வகத்தில் முதலில் கெடுவது சில்லின் முனைகள்தான். இந்தச் சில்லின் ஒரு முனை தாங்கக்கூடிய உச்ச மின்னோட்டம் 40 மில்லி ஆம்பியர். வழக்கமான பயன்பாட்டுக்கு 20-க்குள் இருப்பது நல்லது. 330 ஓம் மின்தடையுடன் சிவப்பு எல்இடியை இணைத்தால் ஏறத்தாழ 9 மில்லி ஆம்பியர்தான் ஓடும். மின்தடையை மறந்துவிட்டாலோ, வெளியீட்டு முனையைத் தவறுதலாகத் தரைக் கம்பியில் செருகிவிட்டாலோ அந்த ஒரு முனை செத்துவிடும். மற்றவை வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் மாணவர் தன் நிரலில்தான் தவறு என்று நினைத்து ஒரு மணி நேரத்தை வீணாக்குவார். சாக்கெட் வகையாக இருந்தால் 250 ரூபாய் சில்லை மாற்றினால் போதும். ஒட்டிய வகையாக இருந்தால் 550 ரூபாய் போர்டு போய்விடும். எனவே விவரக்குறிப்பில் "சாக்கெட்டில் செருகப்பட்ட 28 கால் சில்லு" என்று எழுத்தில் இருக்க வேண்டும். உதிரிச் சில்லுகள் "பூட்லோடர் ஏற்றப்பட்டவை" என்றும் இருக்க வேண்டும்.

சர்வோ மோட்டாருக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் எதற்கு என்று யாராவது நிச்சயமாகக் கேட்பார்கள். கணினியின் சாதாரண யுஎஸ்பி துளை தருவது 500 மில்லி ஆம்பியர். சிறிய சர்வோகூடத் தடைபட்டு நின்றால் சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். அப்போது மின்னழுத்தம் சரிந்து போர்டு தானாகவே மறுதொடக்கம் ஆகும். சில வேளைகளில் கணினியின் பட்டியலிலிருந்து போர்ட்டே மறைந்துவிடும். மோட்டார் நடுங்கி நடுங்கித் திரும்பினால் காரணம் பெரும்பாலும் இதுதான். மோட்டாருக்கு அடாப்டரிலிருந்து மின்சாரம் கொடுத்து, அடாப்டரின் தரைக் கம்பியையும் போர்டின் தரைக் கம்பியையும் இணைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும்.

எங்கள் ஊரின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் கடற்கரையை ஒட்டிய கட்டடங்களில் பிரெட்போர்டின் உள்ளே இருக்கும் உலோகப் பிடிகள் உப்புக் காற்றில் மங்கி, தொடர்பு தளர்ந்துவிடுகின்றன. விரலால் அழுத்தினால் வேலை செய்து, விரலை எடுத்தால் நின்றுவிடும் சுற்று இதற்கு அடையாளம். ஒரே வரிசையின் இரண்டு துளைகளில் கம்பித் துண்டுகளைச் செருகி, மல்டிமீட்டரில் மின்தடையைப் பாருங்கள். ஒரு ஓம் அளவில் நிலையாக நிற்க வேண்டிய எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பிரெட்போர்டைக் கழித்துவிடலாம். ஆகவே பிரெட்போர்டை ஆண்டுதோறும் மாற்ற வேண்டிய நுகர்பொருளாகவே எழுதுகிறேன். போர்டுகளையும் உணரிகளையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மேசைக்கு ஒன்றாக வைப்பதற்கும் இதுவே காரணம்.

அலைநோக்கியை, அதாவது ஆசிலோஸ்கோப்பை, நான் பட்டியலில் சேர்க்கவில்லை. மின்னணுவியல் துறையில் அது ஏற்கெனவே இருக்கும். இந்த ஒரு கருவியின் விலை மற்ற எல்லாவற்றின் விலையையும் தொட்டுவிடும். தொடர் தகவல் பரிமாற்றத்தைப் பார்க்க, கணினியில் செருகும் எட்டுத் தட லாஜிக் அனலைசர் இரண்டு போதும். ஏற்கெனவே இருப்பதைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று எழுதுவது, கேட்பவர் யோசித்துத்தான் கேட்கிறார் என்பதைக் காட்டும்.

தொகையைக் கூட்டும் முறை

செலவை இரண்டு தலைப்புகளாகப் பிரிக்க வேண்டும்: நிலையான கருவிகள் ஒன்று, நுகர்பொருள்கள் மற்றொன்று. இவை இரண்டும் வெவ்வேறு பதிவேடுகளில் ஏறுகின்றன. எல்இடி, ஜம்பர் வயர், உதிரிச் சில்லு ஆகியவற்றை நிலையான கருவிகளின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், ஆண்டு முடிவில் எரிந்துபோன 60 எல்இடிகளுக்கும் ஆய்வக உதவியாளர் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். வெப்பநிலை உணரியான எல்எம் 35-ஐயும் நுகர்பொருளில்தான் சேர்க்கிறேன். மின்சாரத்தை மாற்றிக் கொடுத்தால் அது தொட முடியாத அளவு சூடாகிக் கெட்டுவிடும். ஒவ்வோர் ஆண்டும் சில மாணவர்கள் அப்படிச் செய்துவிடுவார்கள்.

கடிதத்துடன் செல்லும் பட்டியல் இப்படி இருக்கும்.

| பொருள் | எண்ணிக்கை | விலை (ரூ.) | தொகை (ரூ.) |
|---|---|---|---|
| அ. நிலையான கருவிகள் | | | |
| மைக்ரோகண்ட்ரோலர் போர்டு (12 மேசைகள் + 3 உதிரி) | 15 | 550 | 8,250 |
| யுஎஸ்பி தகவல் கேபிள் (12 + 6 உதிரி) | 18 | 50 | 900 |
| 16×2 எல்சிடி திரை (12 + 2 உதிரி) | 14 | 150 | 2,100 |
| அல்ட்ராசோனிக் தூர உணரி | 12 | 100 | 1,200 |
| சிறிய சர்வோ மோட்டார் | 12 | 150 | 1,800 |
| 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் | 12 | 200 | 2,400 |
| மல்டிமீட்டர் (இரு மேசைக்கு ஒன்று) | 6 | 700 | 4,200 |
| லாஜிக் அனலைசர் | 2 | 900 | 1,800 |
| பற்றவைப்புக் கருவி | 2 | 1,000 | 2,000 |
| கைக்கருவிகள் | 1 தொகுதி | 1,600 | 1,600 |
| மூடியுள்ள பெட்டி | 12 | 200 | 2,400 |
| ஆ. நுகர்பொருள்கள் (ஓராண்டுக்கு) | | | |
| பிரெட்போர்டு | 12 | 100 | 1,200 |
| எல்எம் 35 உணரி | 12 | 100 | 1,200 |
| ஜம்பர் வயர் தொகுதி | 12 | 150 | 1,800 |
| எல்இடி, சுவிட்ச், மின்தடை, பொட்டன்ஷியோமீட்டர் | 12 | 100 | 1,200 |
| பூட்லோடர் ஏற்றிய உதிரிச் சில்லு | 5 | 250 | 1,250 |

நிலையான கருவிகள் ரூ.28,650, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரூ.5,157, ஆக ரூ.33,807. நுகர்பொருள்கள் ரூ.6,650, ஜிஎஸ்டி ரூ.1,197, ஆக ரூ.7,847. இரண்டும் சேர்ந்து ரூ.41,654. விலைப்புள்ளியில் ஏதாவது ஒரு பொருளுக்கு வேறு வரி விகிதம் குறிப்பிடப்பட்டிருந்தால் அந்த வரியைத் தனியாகக் கணக்கிடுங்கள். இணையக் கடைகள் காட்டும் விலையில் பெரும்பாலும் வரி சேர்ந்தே இருக்கும். கடைக்காரர் தரும் விலைப்புள்ளியில் வரி தனியாக இருக்கும். இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால் சில பொருள்களுக்கு வரி இரண்டு முறை ஏறும், அல்லது சிலவற்றுக்கு ஏறாமலே போகும். கணக்குப் பிரிவு முதலில் கண்டுபிடிப்பது இந்தத் தவறைத்தான்.

"இதர செலவுகள்" என்று ஒரு வரியைச் சேர்க்காதீர்கள். அது அடிக்கப்படும், அதோடு மற்ற வரிகளின் மேலும் ஐயம் விழும். எதிர்பாராத தேவைக்கு என்று நீங்கள் நினைப்பதை எல்லாம் 3 போர்டு, 5 சில்லு, 6 கேபிள் என்று பெயர் சொல்லி உதிரியாகவே கேளுங்கள்.

ஒரு மாணவருக்கு ஆகும் செலவையும் சொல்லுங்கள். கருவிகள் மூன்று ஆண்டு உழைக்கும் என்று கொண்டால் ஆண்டுக்கு ரூ.11,269, நுகர்பொருளைச் சேர்த்தால் ரூ.19,116, 48 பேருக்குப் பிரித்தால் தலைக்குச் சுமார் 400 ரூபாய். ஐந்து ஆண்டு என்று போட்டால் எண் இன்னும் அழகாக இருக்கும். ஆனால் உப்புக் காற்றும் மாணவர் கைகளும் சேர்ந்த ஆய்வகத்தில் ஐந்து ஆண்டுக்கு உறுதி சொல்ல முடியாது. நான்காம் ஆண்டில் மீண்டும் கேட்க நேர்ந்தால் பழைய கடிதத்தை எடுத்துக் காட்டுவார்கள்.

விலைப்புள்ளிகள் மூன்றையும் ஒரே வாரத்தில், ஒரே விவரக்குறிப்பைக் கொடுத்து வாங்குங்கள். புதுச்சேரிக் கடை ஒன்று, சென்னை ரிச்சி தெரு மொத்த விற்பனையாளர் ஒருவர், ஜிஎஸ்டி ரசீது தரும் இணைய விற்பனையாளர் ஒருவர் என்று நான் எடுப்பேன். விலை கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து தருவதையும் உள்ளடக்கியதா, பொருள் வந்து சோதித்த பிறகு பணம் பெற ஒப்புக்கொள்கிறார்களா, விலை எத்தனை நாள் செல்லும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். முன்பணம் கேட்கும் கடை எவ்வளவு மலிவாக இருந்தாலும், சோதித்த பிறகே பணம் தரும் கல்லூரி அதிலிருந்து வாங்க முடியாமல் போகும்.

கடிதம்

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கணக்குகள் எல்லாம் இணைப்புகளில் இருக்கட்டும். துறைத் தலைவர் வழியாகத்தான் செல்ல வேண்டும். அவர் கையொப்பம் இல்லாமல் நேரே கொடுத்தால், முதல்வர் அதை அவருக்கே அனுப்புவார். ஒரு வாரம் போய்விடும்.

> அனுப்புநர்: உதவிப் பேராசிரியர், மின்னணுவியல் துறை
> பெறுநர்: முதல்வர் அவர்கள்
> வழி: துறைத் தலைவர் அவர்கள், மின்னணுவியல் துறை
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,
>
> பொருள்: இரண்டாம் ஆண்டு செய்முறைத் தாளுக்கு 12 மேசைகள் கொண்ட மைக்ரோகண்ட்ரோலர் ஆய்வகம் அமைக்க ரூ.41,654 ஒப்பளிப்பு வேண்டுதல் – தொடர்பாக.
> பார்வை: துறைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, நாள் …
>
> நமது துறையின் இரண்டாம் ஆண்டு செய்முறைத் தாளில் உள்ள 12 பயிற்சிகளில் ஏழு, வெளிச் சாதனங்களை மைக்ரோகண்ட்ரோலருடன் இணைக்கும் பயிற்சிகள் ஆகும். தற்போது துறையில் உள்ள ஆறு பயிற்சிக் கருவிகளில் நான்கு இயங்கும் நிலையில் உள்ளன. 24 பேர் கொண்ட அணியில் ஒரு கருவிக்கு ஆறு மாணவர்கள் இருப்பதால், மூன்று மணி நேர வகுப்பில் ஒருவர் கருவியைக் கையாளும் நேரம் சராசரியாக 30 நிமிடம் ஆகிறது. மேசைக்கு இருவர் வீதம் 12 மேசைகள் அமைத்தால் இது 90 நிமிடமாக உயரும்.
>
> இதற்குத் தேவையான கருவிகளும் நுகர்பொருள்களும், அவை எந்தப் பயிற்சிக்குத் தேவை என்ற விவரத்துடன், இணைப்பு 1-இல் தரப்பட்டுள்ளன. நிலையான கருவிகளுக்கு ரூ.33,807, ஓராண்டுக்கான நுகர்பொருள்களுக்கு ரூ.7,847 ஆகும். மூன்று விலைப்புள்ளிகளும் ஒப்பீட்டு அட்டவணையும் இணைப்பு 2-இல் உள்ளன. அடுத்த ஆண்டு முதல் நுகர்பொருள் செலவு மட்டுமே தொடரும்.
>
> முதல் மாடியில் உள்ள கணினி ஆய்வகத்தின் 12 கணினிகளிலும் ஒரு போர்டை இணைத்துச் சோதித்துள்ளோம். புதிய கணினிகள் தேவையில்லை. அலைநோக்கி துறையில் உள்ளதையே பயன்படுத்துவோம். பழைய 8051 கருவிகள் அசெம்பிளி மொழிப் பயிற்சிகளுக்குத் தொடர்ந்து பயன்படும்.
>
> விலைப்புள்ளிகள் … ஆம் நாள் வரை செல்லத்தக்கவை. எனவே அதற்குள் ஒப்பளிப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இணைப்பு: 1. பொருள் பட்டியலும் விவரக்குறிப்பும் 2. விலைப்புள்ளிகள்
>
> தங்கள் உண்மையுள்ள,
> (கையொப்பம்)

பொருள் வரியிலேயே தொகையை எழுதத் தயங்க வேண்டாம். முதல்வர் மேசையில் ஒரு நாளைக்குப் பல கோப்புகள் வருகின்றன. எவ்வளவு என்பதைத் தேடி இரண்டாம் பக்கத்துக்குப் போகச் செய்யும் கடிதம் "பிறகு பார்க்கலாம்" என்ற அடுக்குக்குத்தான் செல்லும். அதேபோல், பழைய கருவிகள் பயனற்றவை என்று எழுதக் கூடாது. அவற்றை வாங்கக் கையெழுத்திட்டவர் இன்றைய துறைத் தலைவராகவோ முதல்வராகவோ இருக்கலாம். அது மட்டுமல்லாமல், அசெம்பிளி பயிற்சிகளுக்கு அவை உண்மையிலேயே தேவை.

முதல் மாடி என்று எழுதியிருப்பது இந்த ஊரில் ஒரு முக்கியமான விவரம். தரைத்தளத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது, அங்கே அமைத்துக்கொள்ளலாமே என்று சொல்லப்படக்கூடும். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தையும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. மாடியில் இடமே இல்லை என்றால், தரைத்தள அறையில் பெட்டிகளை இடுப்பு உயரத்துக்கு மேல் உள்ள அலமாரியில் வைக்கும் ஏற்பாட்டையாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காலமும் முக்கியம். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. பிப்ரவரி இறுதியில் கொடுத்தால், ஒப்பளிப்பு கிடைத்தாலும் பொருள் வந்து ரசீது தீர்வதற்குள் ஆண்டு முடிந்துவிடலாம். ஜூன், ஜூலையில் கொடுத்தால் மழைக்காலத்துக்கு முன் பொருள் வந்துவிடும். அந்தப் பருவத்தின் பிற்பாதிப் பயிற்சிகளையாவது புதிய மேசைகளில் நடத்தலாம்.

பொருள் வந்த நாளில்

ரசீதில் "பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று கையெழுத்திடும் முன் 15 போர்டுகளையும் சோதிக்க வேண்டும். முதலில் சில்லு சாக்கெட்டில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். விவரக்குறிப்பில் எழுதியிருந்ததால் இல்லாதவற்றைத் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. பிறகு கீழுள்ள நிரலை ஏற்றி, 330 ஓம் மின்தடையுடன் கூடிய ஓர் எல்இடியின் குறுகிய காலைத் தரை முனையில் இணைத்து, மின்தடையின் மறுமுனையை 2 முதல் 13 வரை ஒவ்வொரு முனையிலும் தொட்டுப் பாருங்கள்.

```
void setup() {
  for (int p = 2; p <= 13; p++) pinMode(p, OUTPUT);
}
void loop() {
  for (int p = 2; p <= 13; p++) {
    digitalWrite(p, HIGH);
    delay(200);
    digitalWrite(p, LOW);
  }
}
```

ஒவ்வொரு முனையிலும் எல்இடி ஏறத்தாழ இரண்டரை நொடிக்கு ஒரு முறை மின்ன வேண்டும். மின்னாத முனை இருந்தால் அந்தப் போர்டைத் தனியே எடுத்து வையுங்கள். நல்ல போர்டுகளுக்கு 1 முதல் 15 வரை எண்ணிட்டு, அந்த எண்ணையே இருப்புப் பதிவேட்டிலும் பெட்டியின் மேலும் எழுதுங்கள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இதே சோதனையை ஆய்வக உதவியாளர் செய்து, எந்த எண் போர்டில் எந்த முனை போயிற்று என்று குறித்து வந்தால், அடுத்த ஆண்டு நுகர்பொருள் கடிதத்தில் எத்தனை சில்லு கேட்க வேண்டும் என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்தே எழுதிவிடலாம்.